மோர் வட்டம்: ஐந்து சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு விடை

‘ஒரு எஃகுத் தகட்டின் ஓரிடத்தில் கிடைவாக்கில் 100 இழுவைத் தகைவு, அதற்குச் செங்குத்தாக 20 அமுக்கத் தகைவு, இரண்டோடும் சேர்ந்து 80 ஷியர் தகைவு செயல்படுகின்றன. முதன்மைத் தகைவுகளையும், அவை விழும் தளங்களையும், பெரும ஷியர் தகைவையும் மோர் வட்டம் வரைந்து காண்க.’

‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ தாளில் இந்தக் கேள்வி எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். பாலிடெக்னிக் மாணவருக்கும் வரும், சிவில், மெக்கானிக்கல் படிக்கும் பொறியியல் மாணவருக்கும் வரும். இதற்கான வரைமுறை நிலையானது. கோடு, இரண்டு புள்ளிகள், நடுப்புள்ளி, வட்டம், அளவெடுப்பு என்ற வரிசை மாறுவதே இல்லை. அதனால் பலர் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வட்டம் சரியாக வந்துவிடும், கோணமோ குறியோ தவறிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் தெரிந்திருந்தால் இந்தத் தவறுகளைத் தேர்வறையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தத் தளத்தில் பார்க்கிறோம்?

ஒரு கம்பியைப் பிடித்து இழுக்கிறோம். விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு. இதே கம்பியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியதாக எண்ணிப் பார்த்தால், அந்தச் சாய்ந்த பரப்பின் மேல் விசை நேராக விழாது. ஒரு பகுதி பரப்பைப் பிய்த்து இழுக்கும், இன்னொரு பகுதி பரப்போடு ஒட்டி வழுக்க முயலும். முதலாவது செங்குத்துத் தகைவு, இரண்டாவது ஷியர் தகைவு. பொருளும் சுமையும் மாறவில்லை. நாம் பார்க்கும் தளம் சாய்ந்ததால் எண்கள் மாறின.

தளத்தைச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஷியர் முழுவதும் மறைந்துவிடும். அங்கே செங்குத்துத் தகைவு தன் உச்சத்தில் இருக்கும். அதற்கு 90 பாகை தள்ளி இன்னொரு தளத்திலும் ஷியர் மறையும், அங்கே செங்குத்துத் தகைவு தன் கீழெல்லையில் இருக்கும். இந்த இரண்டு தளங்களும் முதன்மைத் தளங்கள், அவற்றின் மேல் உள்ளவை முதன்மைத் தகைவுகள்.

கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் ஒன்றை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். முறுக்கும்போது அதன் குறுக்குவெட்டில் இருப்பது ஷியர் மட்டுமே. ஆனால் சாக்பீஸ் குறுக்கே நேராக உடைவதில்லை. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், திருகுப்படி போல் சுற்றிக்கொண்டு உடைகிறது. ஷியரால் ஆன அந்தத் தகைவுநிலைக்குள்ளேயே 45 பாகையில் ஒரு முதன்மை இழுவை இருக்கிறது. இழுவை தாங்காத சாக்பீஸ் அந்தத் தளத்தில்தான் பிளக்கிறது. ஆய்வகத்தில் மைல்டு ஸ்டீல் துண்டை முறுக்கு இயந்திரத்தில் மாட்டி உடைத்தாலோ, அது ஏறக்குறையக் குறுக்கே நேராக அறும். மைல்டு ஸ்டீல் ஷியருக்குத்தான் முதலில் தோற்கும், பெரும ஷியர் அந்தக் குறுக்குத் தளத்தில்தான் இருக்கிறது. எனவே ஒரு பொருள் எங்கே, எந்தச் சாய்வில் உடையும் என்று சொல்ல வேண்டுமானால் முதன்மைத் தகைவும் பெரும ஷியரும் இரண்டுமே தெரிய வேண்டும். கேள்வித்தாள் இரண்டையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த எண்களை வாய்பாட்டால் கணக்கிடலாம். படமாகவும் வரையலாம் என்று 1866-இல் காட்டியவர் சூரிச்சில் பேராசிரியராக இருந்த கார்ல் கல்மான். அதை விரிவாக்கி 1882-இல் வெளியிட்டவர் ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஓட்டோ மோர். 1835-இல் பிறந்த மோர், ரயில்வேப் பொறியாளராகத் தொடங்கிப் பின்னர் டிரெஸ்டனில் பேராசிரியர் ஆனவர். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பாலங்களையும் கூரைகளையும் வடிவமைத்தவர்களுக்குக் காம்பஸும் ஸ்கேலும்தான் கணக்குப்பொறி. இன்றைக்கும் பாடத்தில் இந்த வட்டம் நிற்பதற்குக் காரணம் வேறு: எல்லாச் சாய்வுகளிலும் உள்ள தகைவுகளை ஒரே படத்தில் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

வரைவோம்

மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தகைவுகள் எல்லாம் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற அலகில் உள்ளவை. இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். தகட்டில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரக் கட்டத்தை மனதில் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்க முகத்தை எக்ஸ் முகம் என்போம், மேற்பக்க முகத்தை ஒய் முகம் என்போம். எக்ஸ் முகத்தை 100 வெளியே இழுக்கிறது. ஒய் முகத்தை 20 உள்ளே அமுக்குகிறது. எக்ஸ் முகத்தின் மேல் 80 ஷியர் மேல்நோக்கி உரசுகிறது. இந்தக் கட்டத்தை விடைத்தாளில் அம்புக்குறிகளோடு முதலில் வரைந்துவிட வேண்டும். குறித் தவறுகளில் பெரும்பகுதி இந்தப் படம் இல்லாததால் வருபவை.

ஒய் முகத்தில் ஷியர் எந்தப் பக்கம் போகும் என்று கேள்வி பெரும்பாலும் சொல்லாது. சொல்லவும் தேவையில்லை. எக்ஸ் முகத்து ஷியரும் எதிர்முகத்து ஷியரும் சேர்ந்து கட்டத்தை இடஞ்சுழியாகச் சுழற்றப் பார்க்கின்றன. கட்டம் சுழலாமல் நிற்கிறது என்றால், மேல் முகமும் கீழ் முகமும் அதே அளவு ஷியரால் வலஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். ஆகவே ஒய் முகத்தில் 80 ஷியர் வலப்பக்கம் நோக்கிப் போகும்.

அடுத்து அளவுத்திட்டம். 1 செ.மீ. என்பது 20 என்று வைத்தால் 100 என்பது 5 செ.மீ., 20 என்பது 1 செ.மீ., 80 என்பது 4 செ.மீ. கிடைக்கோடு ஒன்று போட்டு அதில் சுழிப்புள்ளியைக் குறியுங்கள். கிடைக்கோட்டில் செங்குத்துத் தகைவை அளக்கிறோம்: இழுவைக்கு வலப்பக்கம், அமுக்கத்துக்கு இடப்பக்கம். மேலும் கீழும் ஷியரை அளக்கிறோம்: கட்டத்தை வலஞ்சுழியாகச் சுழற்றும் ஷியர் மேலே, இடஞ்சுழியாகச் சுழற்றுவது கீழே. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த மேல்கீழ் வழக்கம் மாறும். நாம் எடுத்த வழக்கத்தில் ஒரு வசதி உண்டு. கட்டத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ, வட்டத்திலும் அதே பக்கம் திரும்பலாம். எந்த வழக்கமானாலும் விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் குழப்பம் இல்லை.

எக்ஸ் முகம்: வலப்பக்கம் 5 செ.மீ., அங்கிருந்து கீழே 4 செ.மீ. அங்கே ஒரு புள்ளி. ஒய் முகம்: இடப்பக்கம் 1 செ.மீ., அங்கிருந்து மேலே 4 செ.மீ. அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் நேர்கோட்டால் சேர்த்தால் அது கிடைக்கோட்டை வெட்டும் இடமே வட்டத்தின் மையம். சுழியிலிருந்து வலப்பக்கம் சரியாக 2 செ.மீ. தூரத்தில் அது விழும். காம்பஸின் முள்ளை அங்கே ஊன்றி, பென்சிலை எக்ஸ் புள்ளிக்கு விரித்தால் ஆரம் 5 செ.மீ. வட்டத்தைச் சுற்றுங்கள். அது ஒய் புள்ளி வழியாகவும் போக வேண்டும். போகவில்லை என்றால் புள்ளி குறித்ததில் பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இனி ஸ்கேலை வைத்து அளப்பதுதான் வேலை. வட்டம் கிடைக்கோட்டை வலப்பக்கம் 7 செ.மீ.-இல் வெட்டுகிறது. அது 140, பெரிய முதன்மைத் தகைவு, இழுவை. இடப்பக்கம் 3 செ.மீ.-இல் வெட்டுகிறது. அது 60, சிறிய முதன்மைத் தகைவு, அமுக்கம். இந்த இரண்டு இடங்களிலும் ஷியர் சுழி. வட்டத்தின் உச்சி 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆகவே பெரும ஷியர் 100. உச்சிக்கு நேர் கீழே மையம் 2 செ.மீ.-இல் இருப்பதால், பெரும ஷியர் தளத்தில் 40 இழுவையும் கூடவே இருக்கிறது. பலர் இந்த 40-ஐ எழுதாமல் விடுகிறார்கள். முதன்மைத் தளத்தில் ஷியர் இல்லை என்று படித்ததை வைத்து, பெரும ஷியர் தளத்தில் செங்குத்துத் தகைவு இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். மையம் சுழியில் இருந்தால் மட்டுமே அப்படி நடக்கும்.

கோணம் ஏன் இரட்டிப்பாகிறது?

எக்ஸ் புள்ளியிலிருந்து பெரிய முதன்மைத் தகைவுப் புள்ளிக்குப் போக, மையத்தில் பாகைமானி வைத்து அளந்தால் ஏறத்தாழ 53 பாகை வரும், இடஞ்சுழியாக. முதன்மைத் தளத்தின் சாய்வு 53 என்று எழுதினால் அது தவறு. பாதியாக்க வேண்டும். கால்குலேட்டரில் நுணுக்கமாகப் போட்டால் வட்டத்தில் 53.13 பாகை, தகட்டில் 26.57 பாகை.

பாதியாக்குவதன் காரணத்தை நாம் வரைந்த படமே சொல்கிறது. கட்டத்தில் எக்ஸ் முகமும் ஒய் முகமும் 90 பாகை தள்ளியிருக்கின்றன. வட்டத்தில் அவற்றின் புள்ளிகள் ஒரே விட்டத்தின் இரு முனைகள், அதாவது 180 பாகை தள்ளியிருக்கின்றன. இன்னும் 90 பாகை திரும்பினால் கட்டத்தில் இடப்பக்க முகம் வரும். அதன் மேல் உள்ள தகைவும் வலப்பக்க முகத்துத் தகைவும் ஒன்றே, ஆகவே வட்டத்தில் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பிவிட வேண்டும். தகட்டில் அரைச்சுற்று, வட்டத்தில் முழுச்சுற்று. அதனால்தான் வட்டத்தில் அளந்த எந்தக் கோணத்தையும் தகட்டுக்குக் கொண்டுபோகும்போது பாதியாக்குகிறோம், தகட்டில் கொடுத்த கோணத்தை வட்டத்துக்குக் கொண்டுவரும்போது இரட்டிப்பாக்குகிறோம். உச்சிப்புள்ளி முதன்மைப் புள்ளியிலிருந்து வட்டத்தில் 90 பாகை தள்ளியிருப்பதால், பெரும ஷியர் தளம் எப்போதும் முதன்மைத் தளத்திலிருந்து 45 பாகையில் இருக்கும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

விடையைச் சோதிப்பது

முதல் சோதனை கூட்டல். கொடுத்த இரண்டு செங்குத்துத் தகைவுகளின் கூட்டுத்தொகை 100 கழித்தல் 20, அதாவது 80. முதன்மைத் தகைவுகளின் கூட்டுத்தொகை 140 கழித்தல் 60, அதுவும் 80. எந்தச் சாய்வில் பார்த்தாலும் இந்தத் தொகை மாறாது, ஏனென்றால் அது மையத்தின் தூரத்தைப் போல் இரு மடங்கு, மையமோ நகர்வதில்லை. கூடவே, பெரிய முதன்மைத் தகைவு கொடுத்த இரண்டையும்விடப் பெரிதாகவும், சிறியது இரண்டையும்விடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். பெரும ஷியர் கொடுத்த ஷியரைவிடக் குறைவாக வந்தால் ஆரத்தில் தவறு.

ஆனால் கூட்டல் சோதனை பிடிக்காத ஒரு தவறு உண்டு. 20 அமுக்கத்தை இழுவை என்று நினைத்து வலப்பக்கம் குறித்துவிட்டால் மையம் 3 செ.மீ.-க்குப் போகும், ஆரம் ஏறத்தாழ 4.5 செ.மீ. ஆகும். முதன்மைத் தகைவுகள் 149 இழுவை, 29 அமுக்கம் என்று வரும். 100-ம் 20-ம் சேர்ந்து 120, 149-இல் 29 போனால் 120. சோதனை வெற்றி, விடை தவறு. வட்டம் தனக்குத் தந்ததை மட்டுமே சரிபார்க்கும். கேள்வியில் ‘அமுக்கம்’ என்று இருந்ததா என்று பார்ப்பது வட்டத்தால் ஆகாது. அதற்குத்தான் அம்புக்குறியிட்ட கட்டத்தை முதலில் வரையச் சொன்னது.

இரண்டாவது சோதனை திசைக்கானது. ஷியரின் மேல்கீழை மாற்றிக் குறித்துவிட்டாலும் வட்டத்தின் மையமும் ஆரமும் அப்படியே இருக்கும். 140, 60, 100 என்ற எண்களும் சரியாகவே வரும். முதன்மைத் தளம் மட்டும் 26.57 பாகை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். இதைப் பிடிக்கக் கட்டத்தையே பாருங்கள். வலப்பக்கத்து ஷியர் மேல்நோக்கியும், மேல்பக்கத்து ஷியர் வலப்பக்கமாகவும் போகின்றன. இரண்டும் சேர்ந்து கட்டத்தின் வலது மேல்மூலையை வெளியே இழுக்கின்றன. ஆகவே இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்குப் போகும் மூலைவிட்டம் நீளுகிறது. ஷியர் மட்டும் இருந்திருந்தால் பெரிய இழுவை அந்த மூலைவிட்டத்தின் திசையில், 45 பாகையில் இருந்திருக்கும். 100 இழுவை மட்டும் இருந்திருந்தால் கிடைவாக்கில், 0 பாகையில் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதால் விடை இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். 26.57 பாகை இடஞ்சுழி அங்கேதான் விழுகிறது. எதிர்ப்பக்கம் வந்திருந்தால் ஷியரின் குறி புரண்டிருக்கிறது என்று பொருள்.

சாய்ந்த தளக் கேள்வி

இதே கேள்வியின் கடைசி வரியில் ‘30 பாகை சாய்ந்த தளத்தில் உள்ள தகைவுகளையும் காண்க’ என்று சேர்ப்பதுண்டு. எதிலிருந்து 30 பாகை என்று இரண்டு முறை படிக்க வேண்டும். எக்ஸ் முகத்திலிருந்து இடஞ்சுழியாக 30 பாகை என்றால், வட்டத்தில் எக்ஸ் புள்ளியிலிருந்து 60 பாகை இடஞ்சுழியாகப் போக வேண்டும். அந்தப் புள்ளி கிடைக்கோட்டுக்குச் சற்று மேலே விழும். அளந்தால் செங்குத்துத் தகைவு 139, ஷியர் 12.

‘100 இழுவையின் திசைக்கு 30 பாகை’ என்று கேட்டிருந்தால் கதை வேறு. எக்ஸ் முகம் அந்த இழுவைக்குக் குறுக்கே நிற்கிறது. ஆகவே இழுவையின் திசைக்கு 30 பாகையில் உள்ள தளம் எக்ஸ் முகத்துக்கு 60 பாகையில் இருக்கும். அதுவும் இடஞ்சுழியாகவே சாய்ந்திருந்தால் வட்டத்தில் 120 பாகை திரும்ப வேண்டும். அங்கே செங்குத்துத் தகைவு 79, ஷியர் 92. கேள்வியில் ஒரு சொல் மாறியதற்கு 12 இருந்த இடத்தில் 92 வந்துவிட்டது.

வரைந்து அளக்கும் விடையில் கடைசி இலக்கம் வரை துல்லியம் எதிர்பார்க்க முடியாது. நம் அளவுத்திட்டத்தில் பென்சில் 1 மி.மீ. பிசகினால் விடையில் 2 பிசகும். அதனால் பக்கம் இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய வட்டமாகப் போடுவது நல்லது. 1 செ.மீ. என்பது 10 என்று வைத்தால் இதே வட்டத்தின் விட்டம் 20 செ.மீ. ஆகும். தாளில் அது அடங்கினாலும் காம்பஸை 10 செ.மீ. விரிக்கும்போது முள் நழுவும். 5 செ.மீ. ஆரம் கைக்கு அடங்கிய அளவு.

வட்டம் சொல்லாதது

இதுவரை பார்த்தது தகட்டின் தளத்துக்குள் சுற்றிய தகைவுகள். தகட்டின் தடிப்புத் திசையிலும் ஒரு முதன்மைத் தகைவு உண்டு. தகட்டின் பரப்பில் எதுவும் அழுத்தாததால் அதன் மதிப்பு சுழி. சுழி என்பதால் அதை மறந்துவிடக் கூடாது. நம் கேள்வியில் 140 இழுவைக்கும் 60 அமுக்கத்துக்கும் நடுவே சுழி விழுவதால் பாதிப்பில்லை. பெரும ஷியர் 100 என்பதே உண்மையான பெருமம்.

மெல்லிய சுவருள்ள உருளைக் கலத்தில் இது அப்படி அமையாது. உள்ளே அழுத்தமுள்ள வாயு இருக்கும்போது சுவரில் சுற்றுவாக்கில் ஒரு இழுவையும், நீளவாக்கில் அதில் பாதி இழுவையும் உண்டாகும். 100-ம் 50-ம் என்று வைத்துக்கொள்வோம். ஷியர் இல்லாததால் இவையே முதன்மைத் தகைவுகள். இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டால் ஆரம் 25. பல பாடப்புத்தகங்கள் பெரும ஷியர் என்று தருவது இந்த மதிப்பைத்தான். ஆனால் தடிப்புத் திசையில், சுவரின் வெளிப்பரப்பில் தகைவு சுழி. அதையும் 100-ஐயும் சேர்த்து வட்டம் போட்டால் ஆரம் 50. சுவரின் தடிப்புக்குள் 45 பாகை சாய்ந்து செல்லும் தளத்தில் இந்த ஷியர் உண்மையாகவே இருக்கிறது. எஃகு ஷியரால் நெகிழத் தொடங்கும் பொருள் என்பதால், 25-ஐ நம்பிச் சுவரின் தடிப்பை முடிவு செய்பவர் பாதி ஷியருக்கு மட்டுமே திட்டமிட்டிருப்பார்.

ஆகவே இரண்டு முதன்மைத் தகைவுகளும் ஒரே குறியில், இரண்டும் இழுவையாகவோ இரண்டும் அமுக்கமாகவோ வரும்போது, சுழிப்புள்ளியை மூன்றாவது முதன்மைத் தகைவாகக் கொண்டு அதற்கும் தூரத்துப் புள்ளிக்கும் நடுவே இன்னொரு வட்டத்தைப் போடுங்கள். கேள்வி தளத்துக்குள் உள்ள பெரும ஷியரை மட்டும் கேட்டால் முதல் வட்டத்தின் ஆரத்தை எழுதுங்கள். வெறுமனே ‘பெரும ஷியர்’ என்று கேட்டால் இரண்டு ஆரங்களையும் எழுதி, எது எந்தத் தளத்துக்கு உரியது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரிக்கும் இரண்டாவது வட்டத்துக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.